பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்த மெமோ

2008இல் புதுச்சேரி அரசுத் துறை ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, தகுதிகாண் பருவம் முடித்து, பணி நிரந்தரமும் பெற்ற எனக்கு, 2023இல் பதவி உயர்வுக்கான பரிசீலனை நடந்துகொண்டிருந்தபோது ஒரு மெமோ வந்தது. கடலூரில் கல்லூரி மாணவனாக இருந்தபோது பேருந்து மறியலில் கலந்துகொண்டதற்காக என்மீது பதிவான வழக்கைப் பணியில் சேரும்போது மறைத்துவிட்டதாகவும், ஆகவே பணியிலிருந்து ஏன் நீக்கக் கூடாது என்று விளக்கம் தருமாறும் அதில் இருந்தது. அந்த வழக்கில் நான் 2006லேயே விடுதலையாகியிருந்தேன்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவரிடம் மெமோவைக் காட்டினேன். "விளக்கத்தோட முடிச்சுக்க முடியாது தம்பி, நிரந்தரமானவரை விசாரணை இல்லாம அனுப்ப முடியாது" என்றார். அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பணி நிரந்தரம் பெற்றவரைத் தகவல் மறைப்புக் காரணத்துக்காக நீக்குவதற்கு முன் துறை விசாரணை கட்டாயம். அதை மேற்கோள் காட்டிப் பதில் கொடுத்தபின், மத்திய குடிமைப் பணிகள் வகைப்பாடு, கட்டுப்பாடு, மேல்முறையீட்டு விதிகளின் 14ஆம் விதியின் கீழ் முறையான குற்றச்சாட்டுக் குறிப்பாணை, ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல் ஆகியவற்றுடன் வந்தது. அந்த ஓய்வுபெற்ற பெரியவரே விசாரணையில் என் தரப்பில் வாதிடும் உதவியாளராக அமர்ந்தார்.

நாங்கள் முதலில் கேட்டது, நான் கையெழுத்திட்ட சரிபார்ப்புப் படிவத்தின் மூலத்தை. மங்கிய அந்தத் தாளில் இரண்டே கேள்விகள் இருந்தன: எந்த வழக்கிலாவது தண்டிக்கப்பட்டதுண்டா, தற்போது ஏதேனும் வழக்கு நிலுவையில் உள்ளதா. இரண்டுக்கும் "இல்லை" என்று எழுதியிருந்தேன்; எழுதிய நாளில் இரண்டும் உண்மை. முடிந்துபோன வழக்கைக் கேட்கும் கட்டம் அதில் உண்டா என்று பெரியவர் குறுக்கு விசாரணையில் கேட்க, பணியமைப்புப் பிரிவு ஊழியர் "இல்லை" என்றார். படிவம் குறிப்பாகக் கேட்டதை மட்டுமே தெரிவிக்கக் கடமை உண்டு என்பதும் அதே தீர்ப்பில் உள்ளதுதான். 'எப்போதாவது கைதானதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா' என்று படிவம் கேட்டிருந்தால் என் நிலை வேறு. அப்போதும் வழக்கின் தன்மையையும் பதவியின் பொறுப்பையும் சேர்த்தே அதிகாரி முடிவெடுக்க வேண்டும். முழக்கமிட்டது போன்ற சிறு குற்றத்தைப் புறக்கணிக்க அவருக்கு இடமுண்டு.

போலிச் சான்றிதழுக்கு இந்தப் பாதுகாப்புகளை நீட்ட முடியாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பொய்யான சாதிச் சான்றின்மேல் பெற்ற நியமனமே செல்லாது, பல ஆண்டுப் பணி அதைச் சரியாக்காது என்று விசுவநாத பிள்ளை வழக்கில் 2004இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அந்த வழியில் வந்தவரும் கேட்காத கேள்விக்குப் பதில் எழுதாதவரும் ஒரே தட்டில் வைக்கப்படுவதே எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று விசாரணை அதிகாரி அறிக்கை தந்தார். ஒழுங்கு நடவடிக்கை அதிகாரி அதை ஏற்று நடவடிக்கையைக் கைவிட்ட ஆணை வந்ததும், நிறுத்தி வைத்திருந்த பதவி உயர்வை மறுபடி பரிசீலிக்க அன்றே மனு கொடுத்தேன்.