கணக்கு எழுதியவரே தணிக்கையும் செய்யலாமா? சிஏ இன்டர் மாணவர்களுக்கு மண்டபம் ஊர் மீன் வியாபாரி ஒருவரின் கணக்கு

சிஏ இன்டர்மீடியட்டில் ஆடிட்டிங் அண்ட் எத்திக்ஸ் தாளுக்குப் படிக்கும்போது, தணிக்கையாளரின் சுதந்திரத்துக்கு வரும் ஐந்து ஆபத்துகளையும் எல்லாரும் மனப்பாடம் செய்துவிடுவோம். அதில் செல்ஃப் ரிவ்யூ த்ரெட், அதாவது தான் செய்த வேலையைத் தானே சரிபார்க்கும் ஆபத்து, எனக்கு வெறும் பெயராகத்தான் இருந்தது. ராமநாதபுரத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்தபோது மண்டபத்து மீன் வியாபாரி ஒருவருடைய கணக்கைப் பார்த்த பிறகுதான் அது பிடிபட்டது. ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களையும் தொகைகளையும் மாற்றித்தான் எழுதுகிறேன். வாடிக்கையாளரின் கணக்கை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதும் நெறிமீறல்தான். அது சிஏ சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் வருகிறது.

அவருடையது தனி முதலாளி நிறுவனம். வருட விற்பனை 1.80 கோடி, பெரும்பாலும் ரொக்கம். ஆகவே 10 கோடி வரம்புச் சலுகை கிடையாது. உத்தேச லாபத் திட்டத்தையும் அவர் எடுக்கவில்லை. விற்பனை 1 கோடியைத் தாண்டியதால் வருமான வரிச் சட்டப்படி டாக்ஸ் ஆடிட் கட்டாயம். கணக்கை ஊரில் ஒரு சிஏ அலுவலகம் டாலியில் எழுதிக்கொடுத்து வந்தது. தணிக்கைக் கையெழுத்தும் அவர்களே போட வேண்டும் என்று வியாபாரி கேட்க, அவர்கள் மறுத்து எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். வந்தவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: “தம்பி, என் கணக்கு மொத்தமும் அவங்களுக்கு அத்துப்படி. அவங்களே கையெழுத்துப் போட்டா என்ன? புதுசா வர்ற உங்களுக்கு நான் முதல்ல இருந்து சொல்லணுமே.” நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது.

கணக்கு சுத்தமாக இருந்தது. வவுச்சருக்கும் பதிவுக்கும் பொருந்தியது, வங்கி இருப்பு பைசா பிசகவில்லை. நானும் வவுச்சர் வவுச்சராக டிக் அடித்துக்கொண்டே போனேன். எங்கள் சார் மட்டும் கொள்முதல் பேரேட்டை மாதவாரியாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, மே மாதத்தில் விரலை வைத்தார். மூன்று விசைப்படகு உரிமையாளர்களுக்கு ஆளுக்கு 2 லட்சம், மொத்தம் 6 லட்சம், கொள்முதல் என்று பதிவாகியிருந்தது. “பாய், மே மாசம் விசைப்படகு எங்கே கடலுக்குப் போச்சு?” என்று கேட்டார்.

நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகுகள் போகும், அவற்றிடம் மே மாதத்திலும் மீன் வாங்கலாம். ஆனால் இந்த மூன்றும் விசைப்படகுகள். தடைக்காலத்தில் இஞ்சின் வேலை, பலகை மாற்றுவது, வலை வாங்குவது என்று உரிமையாளருக்குப் பணம் தேவைப்படும். வியாபாரி முன்பணம் கொடுப்பார். அந்தப் படகு பிடிக்கும் மீன் அவருக்கே வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு. படகு வேறு வியாபாரியிடம் போனால்தான் அந்தப் பணம் திரும்ப வரும். அதுவரை இறங்கும் மீனுக்கு வியாபாரி தனியாகக் காசு கொடுத்துக்கொண்டே இருப்பார்.

வியாபாரி தன் நோட்டை எடுத்துக் காட்டினார். படகுக்கு ஒரு பக்கம், மேலே முன்பணம், கீழே ஒவ்வொரு நாளும் இறங்கிய மீனின் எடை, விலை, கொடுத்த காசு. ஜூன் கடைசியில் இருந்து மார்ச் வரை கிலோவை விலையால் பெருக்கிப் பார்த்தால் கொடுத்த தொகை அப்படியே வந்தது. முன்பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கழிக்கப்படவில்லை. 6 லட்சத்துக்கு எதிரே மட்டும் கிலோவே இல்லை. ஆக அது கொள்முதல் அல்ல, திரும்ப வரவேண்டிய சொத்து. காட்டியிருந்த நிகர லாபம் 9 லட்சம். சரியான லாபம் 15 லட்சம். பேலன்ஸ் ஷீட்டில் 6 லட்சம் முன்பணம் காணாமலே போயிருந்தது. மார்ச் 31 அன்று இவ்வளவு பாக்கி என்று மூன்று உரிமையாளர்களிடமும் எழுத்தில் உறுதி வாங்கிய பிறகுதான் சார் அந்த விஷயத்தை முடித்தார்.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. கணக்கு எழுதியவர் ‘படகுக்காரருக்குப் போன பணம் கொள்முதல்’ என்று முதல் வருடம் ஒரு முடிவு எடுத்தார். வவுச்சரும் அந்த முடிவின்படிதான் தயாரானது, பேரேடும் அப்படித்தான். அவரே தணிக்கைக்கு உட்கார்ந்தால் எதை எதோடு ஒப்பிடுவார்? தன் முடிவைத் தன் முடிவோடு ஒப்பிடுவார், அது பொருந்தத்தான் செய்யும். வெளியாளுக்கு அந்த முடிவே தெரியாது என்பதால்தான் ‘மீன் எங்கே’ என்று கேட்கத் தோன்றுகிறது. அப்படியே கணக்கு எழுதியவருக்குத் தோன்றினாலும், தான் எழுதியது தவறு என்று மாதாமாதம் கட்டணம் கொடுக்கும் வாடிக்கையாளரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அங்கே சொந்த நலன் என்ற இன்னொரு ஆபத்தும் வந்து சேர்ந்துகொள்கிறது.

சரி, தேர்வுக்கு வருவோம். இந்தப் பகுதியில் மாணவர்கள் மதிப்பெண் விடுவது சட்டம் தெரியாமல் அல்ல, சட்டத்தை இடம் மாற்றிப் போடுவதால். கணக்கு எழுதுவது என்ற வார்த்தையைக் கேள்வியில் பார்த்ததும் கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 144 என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பிரிவு கம்பெனி தணிக்கையாளருக்கு மட்டும். அங்கே கணக்கு எழுதும் சேவைக்கு முழுத் தடை. இயக்குநர் குழு ஒப்புதல் தந்தாலும் செல்லாது, உறவினர் மூலமாகவோ பார்ட்னர் மூலமாகவோ மறைமுகமாகச் செய்தாலும் தடைதான். மண்டபம் பாய் மாதிரி தனி முதலாளிக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே எழுத வேண்டியது ஐசிஏஐ கவுன்சிலின் நிலைப்பாடு: கணக்கு எழுதும் பொறுப்பில் உள்ள சிஏ அந்தக் கணக்கைத் தணிக்கை செய்யக் கூடாது, அது அவருடைய பார்ட்னருக்கும் அவர் பார்ட்னராக உள்ள நிறுவனத்துக்கும் பொருந்தும். ஆகவே ‘ஒரு பார்ட்னர் கணக்கு எழுதினார், இன்னொரு பார்ட்னர் கையெழுத்துப் போட்டார்’ என்று கேள்வி வந்தால் அதில் மயங்க வேண்டாம். முதலில் நிறுவனம் கம்பெனியா இல்லையா என்று ஒரு வரி எழுதி, அதற்குரிய விதியைச் சொல்லி, கேள்வியில் உள்ள தகவலை அதோடு பொருத்தி முடிவை எழுதுங்கள்.

இன்னொரு இடமும் குழப்பும். தணிக்கையில் கண்ட பிழைக்குத் திருத்தப் பதிவு சொன்னால் அது கணக்கு எழுதுவது ஆகிவிடுமா? ஆகாது. எங்கள் சார் 6 லட்சத்தைக் கொள்முதலில் இருந்து முன்பணத்துக்கு மாற்றும் பதிவைத் தாளில் எழுதிக் கொடுத்தார், ஏன் என்று வியாபாரிக்கு விளக்கினார். அவர் ஒப்புக்கொண்டதும், கணக்கு எழுதும் அலுவலகம்தான் டாலியில் போட்டது. அவசரத்தில் என்னிடம் லேப்டாப்பை நீட்டி “நீங்களே தட்டி விட்டுருங்க தம்பி” என்று வியாபாரி சொன்னபோது சார் வேண்டாம் என்றார். பதிவு போடுவதா வேண்டாமா என்ற முடிவும் அதன் பொறுப்பும் வியாபாரியிடம் இருக்கும்வரை நாம் தணிக்கையாளர். அந்த முடிவை நாமே எடுத்து, அவர் பார்க்காமலே தலையாட்டத் தொடங்கினால், அடுத்த வருடம் தணிக்கை செய்ய இன்னொரு அலுவலகத்தைத் தேடச் சொல்ல வேண்டியதுதான்.