மூன்று ஹைட்ரஜனில் ஒன்றுதான் கைக்கு வரும்

ஒசூரிலிருந்து தளிக்கும் கெலமங்கலத்துக்கும் போகும் சாலைகளில் ரோஜாப் பசுமைக்குடில்கள் நிறைய உண்டு. அவற்றின் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்து, எவ்வளவு அமிலம் சேர்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. பாறை இடுக்கிலிருந்து ஏறிவரும் நீர், அமிலத்தின் ஹைட்ரஜனைத் தின்று பிஎச்சை இறங்கவிடாத பைகார்பனேட்டைச் சுமந்து வருகிறது. ரோஜாவின் வேரோ ஆறை ஒட்டிய பிஎச்சைக் கேட்கிறது. நைட்ரிக் அமிலத்தின் புகைக்கு அஞ்சுகிறவர்கள் பாஸ்பாரிக் அமிலத்தை விரும்புவார்கள். புகை இல்லை, மணிச்சத்தும் சேர்ந்து கிடைக்கிறது என்பது அவர்கள் வாதம்.

ஒரு தோட்டத்தின் பம்பு அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆயிரம் லிட்டருக்கு 92 மில்லி பாஸ்பாரிக் அமிலம் என்று அதில் எழுதியிருந்தது. அப்படிச் செய்தும் பிஎச் 6.7-க்குக் கீழே இறங்கவில்லை. சொட்டுவான்களில் வெள்ளைப் படிவு வேறு. எழுதியவர் வேதியியல் படித்த இளம் மேற்பார்வையாளர். "சார், H₃PO₄-இல் மூன்று ஹைட்ரஜன் இருக்கிறதே! மூன்றால் வகுத்தால் சரிதானே?" என்றார். அமிலம் மட்டமான சரக்கு என்பது அவருடைய சந்தேகம்.

சரக்கில் குற்றமில்லை. எத்தனை ஹைட்ரஜன் பிரியும் என்பதைக் குடுவை மட்டும் தீர்மானிப்பதில்லை. அது போய்ச் சேரும் நீரின் பிஎச்சும் தீர்மானிக்கிறது. அதனால் முதலில் நீரின் கணக்கை எடுத்தோம்.

அந்த நீரின் பிஎச் 7.6. காரத்தன்மை, கால்சியம் கார்பனேட் அளவில், லிட்டருக்கு 300 மில்லிகிராம். அதை 50-ஆல் வகுத்தால் 6 மில்லிச்சமானம். அதாவது, கிட்டத்தட்ட 6 மில்லிமோல் பைகார்பனேட். கார்பானிக் அமிலம் இரண்டு படிகளில் பிரிகிறது: முதல் படியின் பிகேஏ 6.35, இரண்டாவதன் பிகேஏ 10.33. பிகேஏ என்பது அந்தப் படியில் பாதி பிரிந்தும் பாதி பிரியாமலும் நிற்கும் பிஎச். எந்தப் படியானாலும் சூத்திரம் ஒன்றுதான்.

```
[பிரிந்த வடிவம்] / [பிரியாத வடிவம்] = 10^(pH − pKa)
```

முதல் படிக்கு 7.6-இலிருந்து 6.35 போனால் 1.25. பத்தின் அடுக்காக்கினால் விகிதம் ஏறக்குறைய 18. ஆகவே 6 மில்லிமோல் பைகார்பனேட்டுடன் 0.34 மில்லிமோல் கரைந்த கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. இரண்டாம் படியில் விகிதம் 0.002-க்கும் குறைவு; கார்பனேட் வெறும் 0.01 மில்லிமோல்தான், கணக்கில் விட்டுவிடலாம். மொத்தக் கார்பன் 6.35 மில்லிமோல், இந்த எண் பிகேஏவுக்கு ஒத்துப்போனது தற்செயல், குழம்ப வேண்டாம்.

இனி பிஎச் 6-க்குக் கொண்டுபோவோம். அங்கே பைகார்பனேட்டுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதம் 0.447. மொத்தக் கார்பன் இன்னும் தப்பிக்கவில்லை என்று கொண்டால், பைகார்பனேட் 1.96 மில்லிமோல், கார்பன் டை ஆக்சைடு 4.39. ஆறிலிருந்து 1.96-ஐக் கழித்தால், அமிலம் தர வேண்டிய ஹைட்ரஜன் அயனி லிட்டருக்கு 4.04 மில்லிமோல். இதுவரை அவருக்கும் இதே விடைதான். பிறகுதான் மூன்றால் வகுத்தார்.

பாஸ்பாரிக் அமிலத்தின் பிகேஏக்கள் 2.15, 7.20, 12.35. பிஎச் 6 என்பது முதலாவதற்கு மிக மேலே இருக்கிறது. அதனால் முதல் ஹைட்ரஜன் முழுவதுமாகக் கழன்றுவிடும். H₃PO₄ பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு மிஞ்சினால் அதிகம். இரண்டாவதுக்கு 6 − 7.20 = −1.20, விகிதம் 0.063. அதாவது, நூறு மூலக்கூறில் ஏறக்குறைய ஆறுதான் HPO₄²⁻ ஆகியிருக்கும், மற்றவை H₂PO₄⁻ ஆகவே நிற்கும். மூன்றாவது ஹைட்ரஜனைப் பிடுங்க நீர் பிஎச் 12-ஐத் தொட வேண்டும். அந்த நீரில் ரோஜா பிழைக்காது. சராசரியாக ஒரு மூலக்கூறு தருவது 1.06 ஹைட்ரஜன். 4.04-ஐ 1.06-ஆல் வகுத்தால் 3.81 மில்லிமோல். 85 சதவீத அமிலம் லிட்டருக்கு 14.7 மோல் செறிவுடையது. ஆயிரம் லிட்டர் நீருக்கு 260 மில்லி வேண்டும்.

அவருடைய 92 மில்லி எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதையும் போட்டுப் பார்த்தோம். 1.35 மில்லிமோல் அமிலம். கொடுத்த ஹைட்ரஜனும் பைகார்பனேட் தின்ற ஹைட்ரஜனும் சமமாகும் இடம் தேட வேண்டும். பிஎச் 6.68-இல் இரண்டும் 1.67-இல் சந்திக்கின்றன. அவருடைய மீட்டர் காட்டியதும் அதுதான். மட்டச் சரக்கு என்ற பேச்சு அத்தோடு நின்றது.

எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் அடுத்தது. 6.68-இல் பாஸ்பேட்டில் 23 சதவீதம் HPO₄²⁻. அதன் அளவு 0.31 மில்லிமோல். 260 மில்லி ஊற்றி ஆறுக்கு வந்திருந்தால் 0.23 மட்டுமே. கால்சியத்தைப் பிடித்துப் படிவாக்குவது இந்த HPO₄²⁻ தான். அமிலத்தைக் குறைத்து ஊற்றியதால் படிவுக்கான சரக்கு கூடியிருக்கிறது! படிவின் மேல் அமிலம் ஒரு சொட்டு விட்டால் கார்பனேட் நுரைக்கும். பாஸ்பேட் நுரைக்காமல் கரையும். அங்கே நுரை அதிகம் எழவில்லை.

அதற்காக 260 மில்லியைத் தாளில் எழுதிவிட்டு வந்துவிட முடியாது. 3.81 மில்லிமோல் என்றால் லிட்டருக்கு 118 மில்லிகிராம் பாஸ்பரஸ். ரோஜாவின் ஊட்டக் கரைசலுக்கு 40 மில்லிகிராம் அளவே போதும். அதோடு, தொட்டி திறந்து கிடந்தால் கணக்கே மாறிவிடும். காற்றோடு சமநிலைக்கு வந்த நீரில் கார்பன் டை ஆக்சைடு 0.014 மில்லிமோல்தான் இருக்கும்; இங்கே 4.39 இருக்கிறது, முந்நூறு மடங்கு. அது சோடா பாட்டிலைத் திறந்து வைத்ததுபோல் வெளியேறிக்கொண்டே இருக்கும், பிஎச் மேலேறும். ஏழைத் தொட்டால் பாஸ்பேட்டில் 39 சதவீதம் HPO₄²⁻ ஆகிவிடும். காலையில் ஆறு காட்டிய தொட்டி மாலையில் ஏழு காட்டினால் மீட்டரைத் திட்டாதீர்கள்.

ஆகவே பாரத்தைப் பங்கிட்டோம். பயிருக்கு வேண்டிய 1.25 மில்லிமோலை மட்டும் பாஸ்பாரிக் தரட்டும், அது 1.32 ஹைட்ரஜன் தரும். மீதி 2.72-ஐ நைட்ரிக் அமிலம் தரும். 60 சதவீத நைட்ரிக் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 210 மில்லி போல. அதிலிருந்து வரும் 38 மில்லிகிராம் நைட்ரஜனை உரக்கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். HPO₄²⁻ இப்போது 0.07-க்கு இறங்கிவிடுகிறது. அமிலத்தைத் தொட்டியில் ஊற்றாமல் குழாய்வழியில் செலுத்தச் சொன்னேன். மூடிய குழாயில் வாயு தப்பிக்க இடமில்லை. நீரில் உப்பு கூடினால் 7.20 என்ற எண் 7-ஐ நோக்கிச் சற்று இறங்கும். அதனால் பத்து லிட்டர் வாளியில் சொட்டுச் சொட்டாக விட்டு மீட்டரில் பார்த்தபிறகே அளவை முடிவு செய்தோம்.

இதில் ஒரு வேடிக்கை: பாஸ்பாரிக் அமிலத்தின் புதிய அளவு 85 மில்லி. சுவரில் இருந்த 92-க்குப் பக்கத்து எண். மேற்பார்வையாளர் அதைக் கவனித்துவிட்டு, பழைய தாளைக் கிழிக்காமல், நைட்ரிக்குக்கு ஒரு வரியைக் கீழே சேர்த்துக்கொண்டார். முதலாளிக்கு மட்டும் நைட்ரிக் கேனை எங்கே பூட்டி வைப்பது என்ற கவலை இன்னும் இருக்கிறது.