பதவிப் பெயரை இலக்காக வைக்காமல் ஐந்தாண்டுத் திட்டம் எழுதிய அனுபவம்

புள்ளியியல் முதுநிலைப் படிப்பை முடிக்கும் தறுவாயில் எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் தங்கள் ஐந்தாண்டு இலக்காக எழுதியது ‘தரவு அறிவியலாளர்’ என்ற இரண்டே சொற்களைத்தான். அந்தப் பதவிப் பெயர் 2008ஆம் ஆண்டளவில், லிங்க்ட்இன் நிறுவனத்தில் இருந்த டி.ஜே. பாட்டீலும் ஃபேஸ்புக்கில் இருந்த ஜெஃப் ஹம்மர்பாக்கரும் தங்கள் குழுவினரைக் குறிக்கப் பயன்படுத்தியதிலிருந்து பரவியது. பின்னர் அதே பெயரின் கீழ் ஒரு நிறுவனத்தில் கணிப்பு மாதிரிகளை உருவாக்கும் வேலையும், இன்னொன்றில் வாராந்திர விற்பனை அறிக்கை தயாரிக்கும் வேலையும் இருந்தன. சில வேலைகள் தனியே பிரிந்து வேறு பெயர்களையும் பெற்றன. ஐந்தாண்டுக்குள் பொருள் மாறக்கூடிய ஒரு பெயரை இலக்காக வைத்தால், அதை அடைந்த பிறகும் விரும்பிய வேலை கிடைத்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால், நான் பெயரை விட்டுவிட்டு ஒரு திசையையும் நான்கு சரிபார்ப்புப் புள்ளிகளையும் எழுதிக்கொண்டேன்.

மருத்துவம், வழக்கறிஞர் தொழில், பட்டயக் கணக்கியல் போன்ற உரிமம் பெற்றே செய்ய வேண்டிய துறைகளுக்கு இது அப்படியே பொருந்தாது. அங்கே பதவிப் பெயரைச் சட்டமே வரையறுக்கிறது. படிநிலைகளும் தேர்வுகளாகவே வந்துவிடுகின்றன. பெயர்கள் நிலைபெறாத துறைகளில் இருப்பவர்களுக்குத்தான் இம்முறை அதிகம் உதவும்.

திசை என்பது செய்ய விரும்பும் வேலையை வினைச்சொற்களால் சொல்லும் ஒரு வாக்கியம். என்னுடையது, ‘குழம்பிக் கிடக்கும் தரவை ஒழுங்குபடுத்தி, அதைக் கொண்டு பிறர் முடிவெடுக்க உதவுவது’ என்றிருந்தது. இந்த வாக்கியத்தில் நிறுவனமோ பதவியோ சம்பளமோ இல்லை. இது பொருந்துகிறதா என்பதைச் சோதிக்கத்தான் சரிபார்ப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தேதி, பிறரிடமிருந்து வர வேண்டிய ஒரு சான்று, சான்று கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் என்ன செய்வேன் என்று முன்கூட்டியே எழுதிய முடிவு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் எழுதாமல் விடுகிறார்கள். அது இல்லாவிட்டால் தேதி வரும்போது அன்றைய மனநிலை முடிவெடுத்துவிடும். அதுவரை செலவிட்ட உழைப்பை இழக்க மனமில்லாமல் எப்படியும் தொடரத்தான் தோன்றும்.

தேதிகளைச் சம இடைவெளியில் வைக்கவில்லை. தொடக்கத்தில் நமக்குத் தெரியாதவை அதிகம், பாதையை மாற்றுவதற்கான செலவோ குறைவு. ஆகவே முதற்புள்ளிகள் நெருக்கமாகவும் பிந்தையவை தள்ளியும் இருப்பதே சரி. எனவே ஆறாம் மாதம், பதினெட்டாம் மாதம், மூன்றாம் ஆண்டு இறுதி, ஐந்தாம் ஆண்டு இறுதி என்று அமைத்தேன்.

ஆறாம் மாதத்திற்கு முதலில் மனத்தில் வந்தது, எஸ்க்யூஎல், பைதான் ஆகியவற்றில் இரண்டு இணையப் பாடங்களை முடிப்பது. அதைச் சான்றாக ஏற்கவில்லை. பாடத்தை முடிப்பது உழைப்பின் அளவு. நேரம் ஒதுக்கினால் போதும், அதில் தோற்கவே முடியாது. தோற்க முடியாத சரிபார்ப்புப் புள்ளி எதையும் சரிபார்ப்பதில்லை. அதற்குப் பதிலாக, ‘நான் பணிபுரியும் அலுவலகத்தில் ஒருவர் உண்மையாகவே கேட்ட கேள்விக்குத் தரவிலிருந்து விடை தந்து, அதை அவர் பயன்படுத்தியிருக்க வேண்டும்’ என்று எழுதினேன். அப்போது நான் விற்பனைப் பிரிவில் அறிக்கை தயாரிக்கும் சிறிய பணியில் இருந்தேன். எந்த வாடிக்கையாளர்கள் மறுமுறை வாங்குவதில்லை என்ற கேள்விக்கு விடை தேடியபோது, பெரும்பகுதி நேரம் ஒரே வாடிக்கையாளர் பல பெயர்களில் பதிவாகியிருந்ததைச் சரிசெய்வதிலேயே போனது. விடை பயன்பட்டது, புள்ளியும் நிறைவேறியது. அந்தச் சலிப்பூட்டும் சரிசெய்தல் எனக்குச் சலிக்கவில்லை என்பதையும் குறித்து வைத்தேன்.

பதினெட்டாம் மாதப் புள்ளி வெளிச்சந்தையைப் பற்றியது. வேலை மாறும் நோக்கம் இல்லாவிட்டாலும் விண்ணப்பித்துப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன், ஏனெனில் எந்த இடத்தில் தடைபடுகிறோம் என்பதே அங்கே சான்றாகிறது. பொருத்தமான முப்பது இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஓரிரு அழைப்புக்கு மேல் வரவில்லை என்றால், குறை பெரும்பாலும் திறமையில் இல்லை. தன்விவரக் குறிப்பு நம் வேலையைச் சொல்லத் தவறுகிறது அல்லது நாம் தேர்ந்த இடங்கள் பொருந்தவில்லை. அழைப்புகள் வந்து முதல் தொழில்நுட்பச் சுற்றிலேயே நின்றுபோனால், திறமையில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை எந்தக் கேள்வியில் தடுமாறினோம் என்பதிலிருந்தே கண்டுகொள்ளலாம். கடைசிச் சுற்று வரை சென்று தவறினால், கற்பதைக் கூட்டுவதை விட முயற்சிகளைக் கூட்டுவதே பலன் தரும். முப்பது என்ற எண் விதியல்ல. ஐந்தாறு விண்ணப்பங்களிலிருந்து முடிவெடுத்தால் தற்செயலைக் காரணமாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு என்பதற்காகவே அந்த அளவு.

மூன்றாம் ஆண்டுப் புள்ளி ஒரு கிளைப் பிரிவு. கணிப்பு மாதிரிகளின் பக்கம் செல்வதா, தரவு அட்டவணைகளைக் கட்டமைக்கும் பக்கம் செல்வதா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. இதற்கு விருப்பத்தைக் கேட்டுக்கொள்வதைவிட நடத்தையைப் பார்ப்பதே நம்பகமானது. ஒரு மாதம் முழுவதும் எந்த வேலையைக் கேளாமலே எடுத்துக்கொண்டேன், எதைக் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டேன், எதற்காகச் சக ஊழியர்கள் என்னைத் தேடி வந்தார்கள் என்று குறித்தேன். மாதிரிகளைச் சீரமைக்கும் வேலை தள்ளிப்போயிருந்தது. அட்டவணைகள் பற்றிய கேள்விகளுக்குத்தான் ஆட்கள் வந்தார்கள். முன்பே எழுதியிருந்த முடிவின்படி இரண்டாம் கிளைக்கு மாறினேன். பின்னர் எனக்குக் கிடைத்த பதவியின் பெயர் ‘பகுப்பாய்வுப் பொறியாளர்’. திட்டம் எழுதியபோது அப்படியொரு பெயர் இருப்பதையே நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தக் கட்டத்திற்கு முன் சேமிப்பில் ஆறு மாதச் செலவுக்கான தொகை இருக்க வேண்டும் என்பதையும் புள்ளியின் பகுதியாகவே எழுதியிருந்தேன். பணம் இல்லாவிட்டால் ‘மாறு’ என்ற முடிவு தாளில் மட்டும் இருக்கும்.

ஒரு புள்ளி தவறினால் உடனே திசையை மாற்றக் கூடாது. நேரம் கிடைக்காமல் தவறியதா, நேரம் இருந்தும் அந்த வேலையில் மனம் செல்லவில்லையா, அல்லது முயன்றும் வாய்ப்பு திறக்கவில்லையா என்று முதலில் பிரிக்க வேண்டும். முதலாவதற்குத் தேதியை ஒரே ஒரு முறை, அதற்கு முன் வைத்திருந்த கால அளவில் பாதி வரை நீட்டிக்கலாம். மூன்றாவதற்கு வழியை மாற்றலாம். இரண்டாவதற்கு மட்டுமே திசை வாக்கியத்தைத் திருத்த வேண்டும். இரண்டாம் முறையும் ‘நேரமில்லை’ என்றே காரணம் எழுத நேர்ந்தால், அதை இரண்டாம் வகையாகவே கொள்வது நல்லது. மனம் செல்லாததற்கு நாம் தரும் மரியாதையான பெயர் பெரும்பாலும் அதுதான்.

ஐந்தாம் ஆண்டுப் புள்ளியைத் தொடக்கத்தில் விரிவாக எழுதுவதில் பயனில்லை. மூன்றாம் ஆண்டு முடிவுக்குப் பிறகே அதற்கான சான்றை எழுதினேன். அதுவரை அந்த இடத்தில் தேதி மட்டும் இருந்தது. முழுத் திட்டமும் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. அதன் ஒரு நகலை, என் முடிவுகளால் பாதிக்கப்படாத ஒரு மூத்த ஊழியரிடம் கொடுத்து, குறித்த தேதிகளில் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்குமாறு வேண்டிக்கொண்டேன். தேதியை ஓசையின்றித் தள்ளிவைக்கும் வழி அதனால் அடைபட்டது.