சிங்கிள் டேக் எடுக்கப் போய் சட்டை வேர்வைல மாட்டின கதை

எட்டு நிமிஷ ஷார்ட் ஃபிலிம், பாக்கிறவங்களுக்கு ஒரே ஷாட். சமையல்கட்டுல ஆரம்பிச்சு ஹால், மாடிப்படி, மொட்டை மாடின்னு கேமரா நிக்காம போகணும். ரிகர்சல் நாலு நாள், போன்லயே எடுத்து பாத்து, தரையில டேப் ஒட்டி, அதெல்லாம் நல்லாத்தான் போச்சு.

மறைச்சு வைக்கிற கட் ஒண்ணே ஒண்ணு. சமையல்கட்டு வாசல்ல ஹீரோ கேமராவுக்கு முன்னாடி குறுக்கே வருவான், அவன் முதுகு ஃப்ரேமை முழுசா மூடும், அங்க முதல் பாகம் முடியும், ரெண்டாவது அதே முதுகுல இருந்து ஆரம்பிக்கும். முதல் பாகம் ஆறாவது டேக்ல ஓகே. ரெண்டாவதுல பய அஞ்சு தடவை மாடிப்படி ஏறி இறங்கினான். ராத்திரி எடிட்ல ஒட்டிப் பாத்தா காய்ஞ்ச வெளிர்நீலச் சட்டை ஒரே ஃப்ரேம்ல தொப்பலா நனைஞ்சு நிக்குது! மானிட்டர்ல நிழல்னு நினைச்சு ஒருத்தரும் கவனிக்கல, நானும்தான்.

இதுல இன்னொரு கடுப்பு. ரெண்டாவது பாகத்தோட மூணாவது டேக் அருமையா போயிட்டிருந்துச்சு, படியில ஹீரோ ஒரு வார்த்தை உளறினதும், கேமரா ஆடாம இருக்க மாட்டுற கிம்பலைப் புடிச்ச தம்பி அவனாவே "ஸாரிண்ணா கட்"னு நிறுத்திட்டான். அந்த இடத்துல ஹீரோ முதுகுதான் தெரியுது, டப்பிங்ல அழகா சரி பண்ணிருக்கலாம். அப்புறம் கட் சொல்ற உரிமை ஒரே ஆளுக்குன்னு வச்சோம், மத்தவங்க வீடே இடிஞ்சாலும் நடிச்சுட்டே போகணும்.

மறுநாள் அதே மாதிரி ரெண்டு சட்டை வாங்கி, முதல் பாகத்தை எடுத்த அதே நேரத்துக்கு ரெண்டாவதை மட்டும் திரும்ப எடுத்தோம். முதல் பாகத்தோட கடைசி ஃப்ரேமை போன்ல வச்சுகிட்டு காலர் மடிப்பு வரைக்கும் ஒப்பிட்டு பாத்தோம். கலர் மாறாம இருக்க ஒயிட் பேலன்ஸ் ஆட்டோல விடாம லாக். ஹீரோவை ரெண்டு எட்டு முன்னாடி இருந்தே நடந்து வரச் சொன்னோம், நின்ன இடத்துல இருந்து கிளம்பினா நடை வேகம் மாறி ஒட்டு பல்லிளிக்குது.

கூடவே படி திரும்புற இடத்துல லைட்டை அணைச்சு, கேமரா இருட்டுச் சுவரை உரசிப் போற மாதிரி இன்னொரு கட்டுக்கும் வழி வச்சோம், மாடியில சொதப்பினா படியில இருந்து எடுத்தா போதும்ல. சுவர்ல திரும்புற வேகம் மட்டும் எல்லா டேக்லயும் ஒண்ணா இருக்கணும், அதுக்கு கிம்பல் தம்பி மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டே திருப்பினான்.

நெனச்ச மாதிரியே மாடியில கொடிக்கயிறு கிம்பல்ல மாட்டிச்சு. படியில இருந்து திரும்ப எடுத்தோம், வெளிச்சம் போக கால் மணி நேரம்தான் இருந்துச்சு. கடைசி டேக்ல அம்மாவா நடிச்சவங்க கை தவறி டம்ளரைக் கீழ போட்டாங்க, எடுத்து வச்சுட்டு வசனத்தை விடாம பேசினாங்க. படத்துல அதுதான் இருக்கு.