கையில் இருக்கும் பேட்ச், பில்லில் இருக்கும் பேட்ச்

ஏஜென்சியில் இருந்து சரக்கு வந்தால் எண்ணிக்கையைப் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டு அலமாரியில் ஏற்றிவிடுவதுதான் பல சின்ன மருந்துக்கடைகளில் நடக்கிறது. எண்ணிக்கை முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கை தவறினால் இரண்டு அட்டைக்கான பணத்தோடு போகும். பேட்ச் எண் தவறினால் அது பல மாதம் கழித்து, நாம் எதிர்பார்க்காத இடத்தில் வந்து நிற்கும். இத்தனை வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது.

டெலிவரி தம்பி அவசரத்தில்தான் வருவார், இன்னும் பத்துக் கடை பாக்கி இருக்கும். அவர் நிற்கும்போதே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பில் நம் கடை பெயருக்குத்தானா, பில்லில் சொன்ன பெட்டிகள் அத்தனையும் இறங்கிவிட்டதா, பெட்டியில் ஒட்டிய டேப் பிரிக்கப்பட்டிருக்கிறதா, சிரப் ஏதாவது ஒழுகி அட்டைப்பெட்டி ஈரமாகியிருக்கிறதா. முழுசாகப் பிரித்துப் பார்க்க நேரம் இல்லையென்றால் அவருடைய நகலில் “பெட்டி மட்டும் பெறப்பட்டது, உள்ளே சரிபார்க்கவில்லை” என்று எழுதித்தான் கையெழுத்துப் போடுவேன். “அண்ணே, ஓனர் திட்டுவாரு” என்பார் தம்பி. திட்டமாட்டார், அவரும் கம்பெனி லாரியில் சரக்கு இறங்கும்போது இதைத்தான் செய்வார்.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டியதை மட்டும் தம்பி போவதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் சூடாக வந்தால் கவனித்துவிடுகிறோம். உறைந்து வருவதைத்தான் கவனிப்பதில்லை. தெர்மோகோல் பெட்டிக்குள் ஐஸ் கல் மாதிரி கெட்டியாக இருக்கும் ஜெல் பேக்கை ஒட்டியே இன்சுலினை வைத்து அனுப்பினால் அது உறைந்துவிடலாம். உறைந்த இன்சுலின் திரும்ப உருகிப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. ஜெல் பேக்குக்கும் மருந்துக்கும் நடுவில் தடுப்பு எதுவும் இல்லாமல், பேக் கல்லாக இருந்தால் அப்போதே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அப்புறம்தான் உண்மையான வேலை. இதில் நான் விடாமல் கடைப்பிடிப்பது ஒன்று உண்டு: பில்லைப் பார்த்துப் பொருளைத் தேடக் கூடாது, பொருளைக் கையில் எடுத்துப் பில்லில் தேட வேண்டும். பில்லில் “டெல்மிசார்டான் 40” என்று படித்துவிட்டுக் குவியலில் தேடினால், கண்ணுக்கு முதலில் பட்டதையே அது என்று எடுத்துக்கொள்வோம். அது டெல்மிசார்டானோடு ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்ந்த “எச்” வகையாக இருக்கலாம், அம்லோடிபின் சேர்ந்த “ஏஎம்” வகையாக இருக்கலாம், அட்டையின் நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எங்கள் கடையில் ஒருவர் அட்டையை எடுத்துப் பெயர், அளவு, ஒரு அட்டைக்கு எத்தனை மாத்திரை, பேட்ச், எக்ஸ்பைரி, எம்ஆர்பி என்று சத்தமாகப் படிப்பார், இன்னொருவர் பில்லில் டிக் அடிப்பார். தனியாள் என்றால் அட்டையைப் படித்து, விரலைப் பில்லில் வைத்து, பேட்ச் எண்ணைக் கடைசி எழுத்தில் இருந்து பின்னோக்கிப் பார்ப்பது நல்லது. ஒரே மருந்தின் அடுத்தடுத்த பேட்ச்களில் முன்பாதி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், கடைசி இரண்டு மூன்று இடங்களில்தான் மாறும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பேன்டோபிரசோல் 40, இருபது அட்டைக்கு இரண்டு அட்டை ஃப்ரீ, விலை 80 ரூபாய், எம்ஆர்பி 105. பில்லில் ஒரே வரி, ஒரே பேட்ச். 20 அட்டைக்கு 1600, ஜிஎஸ்டி 5 சதவீதம் 80, ஆக 1680. அட்டை 22 இருந்தால் ஒன்று சுமார் 76 ரூபாய்க்கு விழுகிறது. ஃப்ரீ வராமல் போனால் 84. ஃப்ரீயைப் பில்லில் காட்டிவிட்டுப் பெட்டியில் வைக்க மறப்பது அடிக்கடி நடப்பதால் எல்லோரும் 22 இருக்கிறதா என்று எண்ணுவார்கள். இருக்கிறது. சரி என்று மேலே ஏற்றிவிடுவார்கள்.

ரப்பர் பேண்டைக் கழற்றிப் பார்த்தால் மேலே 14 அட்டை பில்லில் உள்ள பேட்ச். கீழே இருக்கும் 8 அட்டை வேறு பேட்ச், எக்ஸ்பைரி பில்லில் உள்ளதைவிட ஏழு மாதம் முன்னால். இது பெரும்பாலும் ஏமாற்றுவேலை இல்லை. குடோனில் சரக்கு எடுக்கும் பையன் ஒரு பெட்டியில் 14தான் இருந்தது என்று அடுத்த பெட்டியில் இருந்து 8 எடுத்துப் போட்டிருப்பார், பில் போட்ட கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. நம் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. ஏஜென்சி அனுப்பும் பில் ஃபைலை அப்படியே இம்போர்ட் செய்தால் 22 அட்டையும் ஒரே பேட்சாக ஏறிவிடும், எக்ஸ்பைரி பட்டியல் எடுக்கும்போது அந்த 8 அட்டை வரவே வராது.

அந்த எட்டில் மூன்று விற்காமல் காலாவதியானால் திருப்பிக் கொடுக்கப் போவோம். ஏஜென்சிக்காரர் தன் கணக்கில் பார்த்து, “இந்த பேட்ச் உங்களுக்கு நாங்க பில் போடவே இல்லையே” என்பார். அவர் சொல்வது ஏட்டில் உண்மை. பணநஷ்டம் இதுதான், சிறியது.

பெரியது வேறு. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் தரம் தவறிய மருந்துகளின் பட்டியலை பேட்ச் எண்ணோடு வெளியிடுகிறது. அதில் அந்த எண் வந்தால், நம் கணக்கில் தேடிப் பார்த்துவிட்டு “நம்மிடம் இல்லை” என்று நிம்மதியாக இருப்போம், அட்டை அலமாரியில் இருக்கும். மருந்து ஆய்வாளர் அதே அட்டையை மாதிரி எடுத்தால், யாரிடம் வாங்கினாய் என்று சொல்ல வேண்டிய கடமை 1940ஆம் ஆண்டு மருந்துகள் சட்டத்தின் 18ஏ பிரிவில் இருக்கிறது. உரிமம் உள்ளவரிடம் வாங்கினேன், குறை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை, வந்த நிலையிலேயே முறையாக வைத்திருந்தேன் என்று காட்டினால் சில்லறைக் கடைக்காரருக்குப் பாதுகாப்பு தருவது 19ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு. அதைக் காட்ட நம்மிடம் இருக்கும் முக்கிய ஆதாரம் பில்தான். பில்லில் அந்த பேட்ச் இல்லையென்றால் எதை நீட்டுவது?

அதனால் அன்றைக்கே போன். “எட்டு அட்டை பேட்ச் மாறி வந்திருக்கு, மாத்திக் கொடுங்க, இல்லன்னா ரெண்டு வரியா பில்லைத் திருத்தி அனுப்புங்க.” எட்டு அட்டையையும் போட்டோ எடுத்து பில் எண்ணோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன், பேச்சு மட்டும் போதாது. பேட்ச் தெளிவாகத் தெரிய வேண்டும், அட்டையில் அழுத்திப் பதித்த எழுத்தில் பூஜ்யமும் ஓவும், எட்டும் பியும் ஒன்று போலவே தெரியும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எடுக்க வேண்டும். விவகாரம் முடியும்வரை அந்த எட்டும் விற்பனை அலமாரிக்குப் போகாது, தனி டப்பாவில் பில் எண் எழுதிய சீட்டோடு இருக்கும்.

கிரெடிட் நோட் தருகிறேன் என்று சொன்னால் அந்தப் பில்லை ஃபைலில் சேர்க்காமல் கிளிப்பில் தொங்கவிடுகிறோம். அதே ஏஜென்சியின் அடுத்த பணம் கேட்டு ஆள் வரும்போது முதலில் கிளிப்பைத்தான் பார்ப்போம். நோட் வந்து தொகையும் பேட்சும் ஒத்துப்போனால் பில்லோடு சேர்த்துப் பின் அடித்து உள்ளே வைக்கிறோம்.