பக்கத்து அறை சர்வருக்கு 320 மெகாபிட் லீஸ்டு லைனா?

எங்கள் பள்ளி அரசு உதவி பெறும் பள்ளி. பதிவு செய்த பாடங்களைப் பள்ளியிலேயே ஒரு சர்வரில் வைத்து, ஒரு வகுப்பின் 40 பிள்ளைகளும் டேப்லெட்டில் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்பது திட்டம். எவ்வளவு பேண்ட்வித் தேவை என்று ஒரு நிறுவனத்திடம் கேட்டதற்கு வந்த கொட்டேஷனை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஒரு வீடியோவுக்கு 8 மெகாபிட், 40 பேர், ஆக 320 மெகாபிட் லீஸ்டு லைன் என்ற தனி இன்டர்நெட் இணைப்பு, மாத வாடகை தனி. தாளாளர் கையெழுத்துப் போடும் நிலைக்கே வந்துவிட்டார்.

அந்தத் தாளில் இரண்டு கோளாறு. சர்வர் இருப்பது கம்ப்யூட்டர் லேபில், வகுப்பு நடப்பது பக்கத்து அறையில். வீடியோ சர்வரிலிருந்து ஸ்விட்ச், அங்கிருந்து வைஃபை, அங்கிருந்து டேப்லெட் என்றுதான் போகிறது. இன்டர்நெட் அந்தப் பாதையிலேயே இல்லை. பள்ளியின் நெட்டைப் பிடுங்கி வைத்தாலும் பாடம் ஓடும். அடுத்தது, அந்த 8 மெகாபிட்டை யாரும் அளந்து எழுதவில்லை. எங்கள் ஃபைல் ஒன்றைக்கூட அவர்கள் கேட்டு வாங்கவில்லை. “எல்லா ஸ்கூலுக்கும் இதுதான் சார் போடுவோம்” என்றார் வந்தவர்.

அளப்பது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. ஃபைலின் அளவை 8-ஆல் பெருக்கி, ஓடும் விநாடிகளால் வகுத்தால் போதும். எங்கள் கணக்குப் பாடம் 40 நிமிடம், அதாவது 2400 விநாடி; ஃபைல் 1100 மெகாபைட். 1100-ஐ 8-ஆல் பெருக்கி 2400-ஆல் வகுத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 3.7 மெகாபிட். 40 பேருக்கு 147. பைட்டையும் பிட்டையும் குழப்பினால் விடை எட்டு மடங்கு தவறும், கவனம்.

கரும்பலகைப் பாடத்துக்கு 3.7 தேவையே இல்லை. ஆசிரியர் நிற்கிறார், பலகையில் எழுத்து மெல்லச் சேர்கிறது, அவ்வளவுதான் அசைவு. இப்படிச் சுருக்கினோம்:

```
ffmpeg -i paadam.mp4 -vf scale=-2:720 -r 25 \
  -c:v libx264 -crf 24 -maxrate 1000k -bufsize 2000k \
  -c:a aac -b:a 64k -movflags +faststart out.mp4
```

இதில் `maxrate` முக்கியம். அது இல்லாவிட்டால் சராசரி குறைவாகத் தெரிந்தாலும் கேமரா ஆடும் இடங்களில் வேகம் எகிறும். 40 பேரும் அதே இடத்தை ஒரே நொடியில் பார்ப்பதால் அந்த எகிறலும் 40 மடங்காகும். `faststart` இல்லாத ஃபைலில் குறிப்புப் பகுதி கடைசியில் கிடக்கும். பிளேயர் அதைத் தேடி எடுத்த பிறகுதான் படம் தொடங்கும். சுருக்கிய பிறகு பலகையில் எழுதிய பின்னங்களைக் கடைசி பெஞ்சு டேப்லெட் ஒன்றில் வைத்துப் பார்த்தோம். மேலே கீழே இரண்டு எண்ணும் தெளிவாகவே இருந்தன. இப்போது ஆளுக்கு அதிகபட்சம் 1.1 மெகாபிட், 40 பேருக்கு 44. எல்லாரும் ஒன்றாக ப்ளே அழுத்தும்போது வரும் நெரிசலுக்கு இன்னும் பாதி சேர்த்து 66 என்று வைத்துக்கொண்டோம்.

அப்புறம்தான் பாதையை அளக்க ஆரம்பித்தேன். சர்வரில் வேகம் அளக்கும் `iperf3 -s` ஓடவிட்டு, ஸ்விட்சில் வயரால் இணைத்த லேப்டாப்பிலிருந்து `iperf3 -c` கொடுத்து, பின்னால் சர்வரின் முகவரி, கடைசியில் `-R`. அந்த `-R` இருந்தால்தான் சர்வரிலிருந்து நம் பக்கம் வரும் வேகத்தைக் காட்டும். விடை 94. சர்வர், ஸ்விட்ச், லேப்டாப் மூன்றுமே கிகாபிட் என்று சொல்லி வாங்கியவை. 940-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். 94 வந்தால் வழியில் எங்கோ 100 மெகாபிட் இணைப்பு ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். சர்வரில் `ethtool eth0` கொடுத்துப் பார்த்தால் `Speed: 100Mb/s`.

கேபிள் போட்டவரைக் கூப்பிட்டேன். “நெட் வருதுல்ல சார், அப்புறம் என்ன?” என்று போனை வைத்துவிட்டார். நாங்களே சுவர்ப் பெட்டியைத் திறந்தோம். கேபிளின் 8 கம்பிகளில் 4 மட்டும் சர்வருக்குப் போயிருந்தன. மீதி 4-ஐப் பிரித்து வராந்தா கேமராவுக்குக் கொடுத்திருந்தார்! கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், நான்கில் 100-தான் ஓடும். கேமராவுக்குத் தனி கேபிள் இழுத்து, இதை எட்டுக் கம்பியோடு மறுபடி கிரிம்ப் செய்ததும் 940 வந்தது. உங்கள் பள்ளியிலும் சிசிடிவி இருந்தால் இதை முதலில் பாருங்கள்.

வயர் சரி, ஆனால் கழுத்தை நெரித்தது வைஃபைதான். வகுப்பில் இருந்த ஒரே வைஃபை பெட்டி, அதாவது அக்சஸ் பாயிண்ட், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடியது. காலி அறையில் ஒரு லேப்டாப்புக்கு 45 கொடுத்தது. கணக்குக்குப் போதும் என்று தோன்றும். 40 டேப்லெட்டும் சேர்ந்ததும் மொத்தமே 25-ஐத் தாண்டவில்லை. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தூண் மறைவில் சிக்னல் குறைந்த ஒரு டேப்லெட் மெதுவாக வாங்கிக்கொண்டிருந்தால், மற்ற பிள்ளைகள் அதுவரை காத்திருக்க வேண்டும். ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணையும் ஒற்றை லேப்டாப் சோதனையையும் நம்பவே கூடாது. முழு வகுப்பையும் உட்கார வைத்து, ஒன்றாக ப்ளே அழுத்தச் சொல்லி, சர்வரிலிருந்து போகும் வேகத்தைக் கோடாகக் காட்டும் `nload`-ஐத் திறந்து வைத்துப் பாருங்கள். 44 வேண்டிய இடத்தில் கோடு 25-லேயே தட்டையாக நின்று, பிள்ளைகள் “சார், சுத்துது” என்று கை தூக்கினால் நெரிசல் வைஃபையில்தான்.

5 கிகாஹெர்ட்ஸ் அக்சஸ் பாயிண்ட் இரண்டு வாங்கினோம். ஒன்றுக்கு 36, மற்றதற்கு 149 என்று விலகிய சேனல்கள். ஒவ்வொன்றிலும் 20 டேப்லெட் போல. 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாத பழைய டேப்லெட்டுகள் சில இருந்தன, அவற்றை மட்டும் பழைய பெட்டியில் விட்டோம். கொட்டேஷனில் இருந்த ஒரு மாத வாடகையைவிட இரண்டும் சேர்ந்து குறைவு. தாளாளரிடம் அதைச் சொன்னபோது எனக்கு அவ்வளவு நிம்மதி.

ஆனாலும் தொடங்கும் அரை நிமிடம் திணறியது. ஒவ்வொரு டேப்லெட்டும் கிடைத்த வேகத்தில் முன்கூட்டியே இழுத்து வைக்கப் பார்க்கிறது. சர்வரில் வீடியோவை அனுப்பும் `nginx`-இல் இந்த இரண்டு வரி அதைச் சரி செய்தது:

```
limit_rate_after 1m;
limit_rate 200k;
```

முதல் ஒரு மெகாபைட் தாராளமாகப் போகும், படம் உடனே தொடங்கும். அப்புறம் விநாடிக்கு 200 கிலோபைட். இங்கே அளவு பைட்டில். அதாவது சுமார் 1.6 மெகாபிட், 40 பேருக்கு 66-ஐ ஒட்டி. படத்துக்கு வேண்டியது 1.1-தான் என்பதால் யாருக்கும் நிற்காது.

இதற்குள் ஹெச்.எம். கேட்டார்: “லீவு போட்ட பிள்ளைங்க வீட்ல இருந்து பார்க்கலாமா சார்?” இன்டர்நெட் பாதைக்குள் வருவது அப்போதுதான். அதிலும் பள்ளி இணைப்பின் பதிவேற்ற வேகம்தான் கணக்கு, விளம்பரத்தில் பெரிதாகப் போடும் பதிவிறக்க வேகம் அல்ல. எங்களுக்கு அது 10 மெகாபிட், ஒன்பது பேருக்கு மேல் தாங்காது. பாடம் ஒன்று இப்போது 320 மெகாபைட்டுக்கு உள்ளேதான் வருகிறது. அதனால் லீவு எடுக்கப் போகும் பிள்ளைகளின் டேப்லெட்டில் முந்தைய நாள் மாலையே லேபில் வைத்து காப்பி செய்து அனுப்புகிறோம்.