முதல் இரவு திருப்பூரில்

சென்னையிலிருந்து கோவைக்கு வேலையாகப் போகிறவர்களின் பயணத் திட்டங்களில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வரும். காலை ஆறு மணி விமானம், பத்து மணிக்குத் திருப்பூரில் மீட்டிங், மாலை கோவையில் இன்னொன்று, மறுநாள் காலை மூன்றாவது. தாளில் பார்த்தால் கச்சிதம். ஆனால் ஆறு மணி விமானத்துக்கு மூன்றேகாலுக்கே எழ வேண்டும். கோவை விமான நிலையத்திலிருந்து திருப்பூர் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அந்தச் சாலையில் ஒன்றரை மணி நேரம் போய்விடும். பறப்பது ஒரு மணி நேரம்தான், வீட்டு வாசலிலிருந்து மீட்டிங் வாசல்வரை கணக்கிட்டால் ஆறு மணி நேரம். மாலை மீட்டிங்கில் விலை பேச உட்காரும்போது ஆள் விழித்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

இரவு ரயில் தூக்கத்தைக் காப்பாற்றும் என்பதும் பாதி உண்மைதான். சேரன் எக்ஸ்பிரஸ் கோவைக்கே விடிகாலையில் போய்விடுகிறது. திருப்பூர் அதற்கு முன்னால் வருவதால், நல்ல தூக்கத்தில் இறங்க வேண்டும். ஓட்டலில் செக்-இன் நண்பகலுக்கு என்றால் அதுவரை பெட்டியோடு எங்கே இருப்பது? முந்தைய இரவுக்கும் சேர்த்து வாடகை கேட்பார்கள், அதை அக்கவுண்ட்ஸில் விளக்க வேண்டியிருக்கும். 24 மணி நேரக் கணக்கில் அறை தரும் விடுதி கிடைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் விடிகாலையில் எடுத்த அறையை மறுநாள் விடிகாலையிலேயே காலி செய்யவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மூன்று மீட்டிங்குக்கும் ஒத்துவரும் திட்டம் முந்தைய நாள் பிற்பகலில் தொடங்குவது. சென்னை சென்ட்ரலிலிருந்து இரண்டரை மணி வாக்கில் கிளம்பும் வந்தே பாரத் திருப்பூரில் நிற்கும். வாரத்தில் ஒரு நாள் அது ஓடாது, மீட்டிங் தேதி கேட்பதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் அலுவலக வேலை, வண்டியில் மறுநாளுக்கான கோப்புகள், ஏழரைக்குள் திருப்பூரில் சாப்பாடு, தூக்கம். கூடுதலாக ஓர் இரவு அறை வாடகைதான் செலவு. விமானக் கட்டணத்தையும் விமான நிலையங்களுக்குப் போய்வரும் டாக்சியையும் எதிரே வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் அது அடங்கிவிடும். மேனேஜரிடம் அனுமதி கேட்கும்போது இந்த இரண்டு கூட்டலையும் அருகருகே காட்டினால் பேச்சு நீளாது.

மறுநாள் பத்து மணிக்குத் திருப்பூர். பின்னலாடைத் தொழிற்சாலையில் சாம்பிள் பார்க்க ஆரம்பித்தால் சொன்ன நேரத்தில் முடியாது. சாப்பிடாமல் அனுப்பவும் மாட்டார்கள். ஆகவே சாப்பாட்டையும் திட்டத்தில் எழுதி, இரண்டு மணிக்கு வண்டி ஏற வேண்டும், கோவையில் நான்கு மணிக்கு முன் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. மூன்றாவது மீட்டிங் மறுநாள் காலை பத்துக்கு. பிற்பகல் மூன்று மணி வாக்கில் கிளம்பும் பகல் ரயிலில் திரும்பினால் சென்னை சேர இரவு பத்தைத் தாண்டும், அதனால் அடுத்த நாள் காலையில் முதல் வேலையாக எந்த மீட்டிங்கும் வைக்காமலிருப்பது நல்லது.

இனி கிளெய்ம். பயணத் திட்டமும் செலவுக் கணக்கும் ஒரே தாளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு வரி: எங்கிருந்து எங்கே, எதில், எவ்வளவு ஆகும், பில் எந்த வடிவில் வரும், வந்துவிட்டதா. கிளம்பும் முன்பே நான்கு கட்டங்கள் நிரம்பிவிடும், வழியில் கடைசிக் கட்டம் மட்டும்தான் பாக்கி. திரும்பிவந்து ஞாயிற்றுக்கிழமை பர்ஸைக் கொட்டிக்கொண்டு உட்காரவேண்டியதில்லை.

அறை பில்லில் நிறுவனத்தின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்க வேண்டும். இதைச் செக்-இன் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும், காலி செய்யும் நேரத்தில் சொன்னால் ரிசப்ஷனில் பில்லை மாற்ற அரை மணி ஆகும், சில இடங்களில் மாற்றவே மாட்டார்கள். ரயில் டிக்கெட்டிலும் இந்த எண்ணை முன்பதிவின்போதே கொடுக்கலாம். ஓட்டல் அறைக்கு ஒரு தனி விதி உண்டு: அறை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் வரிதான் பில்லில் வரும். தமிழ்நாட்டில் மட்டும் பதிவு செய்த நிறுவனத்தின் ஊழியர் பெங்களூருவில் தங்கினால் அந்த வரியை வரவு வைக்க முடியாது. பில்லில் எண் சரியாக இருந்தும் அக்கவுண்ட்ஸ் முகம் சுளிப்பது அதனால்தான்.

ஆட்டோவுக்குப் பில் வராது. யு.பி.ஐ. ஸ்கிரீன்ஷாட், பணம் போனதற்குத்தான் சாட்சி, எதற்காகப் போனது என்பதற்கு அல்ல. இறங்கியவுடன் இடம், தூரம், தொகை மூன்றையும் தாளில் எழுதினால்தான் வவுச்சர் நிற்கும். சிறிய அச்சுப் பில்கள் வெயிலில் காரின் டேஷ்போர்டில் கிடந்தால் வெளுத்துவிடும், கையில் வாங்கியதும் படம் எடுத்துவிட வேண்டும். தினப்படி வாங்குகிறவர்கள், திருப்பூர் தொழிற்சாலையில் போட்ட மதியச் சாப்பாட்டையும் அறை வாடகையில் சேர்ந்த காலை இட்லியையும் கழித்துவிட வேண்டுமா என்று நிறுவன விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. கிளெய்ம் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த இரண்டு சாப்பாட்டுக்காகத்தான்.